திரும்பி வந்த 15 சட்டைகள்

தீபாவளி முடிந்த மூன்றாவது வாரத்தில் ரெடிமேட் மொத்த வியாபாரிகளின் போன் ஓயாது. விற்றது போக மிச்சம், தையல் கோளாறு, சைஸ் மாறிப்போனது என்று சரக்கு திரும்பி வரத் தொடங்கும் நேரம் அது. மதுரையில் கடை வைத்திருப்பவர் ஈரோட்டுக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அண்ணே, ஆகஸ்ட்ல போட்ட சட்டையில 15 பீஸ் காலர் தையல் சரியில்ல. பார்சல்ல போட்டு விட்டுட்டேன். அடுத்த பில்லுல கழிச்சுக்குங்க."

"சரிங்ண்ணா, அதுக்கென்னங்க. அடுத்த தடவை 60 பீஸ் அனுப்பி, 45-க்கு பில் போட்டுடறேன்."

இரண்டு பேரும் நல்லவர்கள், ஒருவரை ஒருவர் ஏமாற்றும் எண்ணம் இல்லை. பேச்சு அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் இந்த ஏற்பாட்டில் 15 புதுச் சட்டைகள் பில் இல்லாமல் ஈரோட்டிலிருந்து மதுரைக்குப் போகின்றன. வழியில் வண்டியை நிறுத்திச் சோதித்தால் பில்லில் 45, பெட்டியில் 60. மதுரைக்காரரின் கணக்கிலோ, திருப்பி அனுப்பிவிட்ட 15 சட்டைக்கு எடுத்த இன்புட் வரி அப்படியே நிற்கிறது. ஈரோட்டுக்காரரின் இருப்புக் கணக்கில் 15 சட்டை வந்ததற்கும் பதிவில்லை, 15 சட்டை போனதற்கும் பதிவில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். வந்தது பழுதான சட்டை, போனது நல்ல சட்டை என்பது எந்தத் தாளிலும் இருக்காது.

இதற்கு ஜி.எஸ்.டி. சட்டம் வைத்திருக்கும் வழி கிரெடிட் நோட். 2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவு அதைப் பற்றியது. விற்ற சரக்கு திரும்பி வந்தாலோ, பில்லில் மதிப்போ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தாலோ விற்றவர் கிரெடிட் நோட் எழுதலாம். எழுதினால் அந்த அளவுக்கு அவர் கட்ட வேண்டிய வரி குறையும், வாங்கியவரின் பாக்கியும் குறையும். தாள் ஒன்றுதான், ஆனால் அது மூன்று கணக்குகளைத் தொடுகிறது: வாடிக்கையாளரின் லெட்ஜர், அரசுக்குக் கட்டும் வரி, குடோன் இருப்பு. மூன்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் மார்ச் மாதத்தில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும்.

நம் கதையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதற்காகவே 2025-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டேன். ஒரு பீஸ் 1,000 ரூபாய்க்கு மேல் உள்ள ஆயத்த ஆடைக்கு அதுவரை 12 சதவீத வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம் என்று குறைந்தது. சட்டை விற்றது ஆகஸ்ட் 25-ல். திரும்பி வந்தது நவம்பர் 14-ல். கிரெடிட் நோட்டில் எந்த வரி?

முதலில் பழைய பில்லை எடுத்துப் பார்ப்போம். 100 சட்டை, ஒன்று 1,200 ரூபாய். பில்லிலேயே 5 சதவீதம் டிஸ்கவுண்ட். ஆக ஒரு சட்டை 1,140 ரூபாய், நூறுக்கு 1,14,000. அதன் மேல் 12 சதவீத வரி 13,680. ஈரோடும் மதுரையும் ஒரே மாநிலம் என்பதால் அது மத்திய ஜி.எஸ்.டி. 6,840, மாநில ஜி.எஸ்.டி. 6,840 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பில் மொத்தம் 1,27,680 ரூபாய். மதுரைக்காரர் இதுவரை ஒரு லட்சம் அனுப்பியிருக்கிறார். பாக்கி 27,680.

இப்போது கிரெடிட் நோட். 15 சட்டை, ஒன்று 1,140 வீதம் 17,100 ரூபாய். வரி 12 சதவீதம், 2,052 ரூபாய். 1,026 மத்திய வரி, 1,026 மாநில வரி. மொத்தம் 19,152.

நவம்பரில் அதே சட்டைக்கு வரி 5 சதவீதம்தான் என்றாலும் இங்கே 12 சதவீதம் போடுவதற்குக் காரணம் எளியது. கிரெடிட் நோட் புது விற்பனை அல்ல. பழைய பில்லின் ஒரு பகுதியை அது ரத்து செய்கிறது, அவ்வளவுதான். ஆகஸ்டில் வாங்கிய வரிதான் திரும்பப் போக வேண்டும். பில்லிங் மென்பொருளில் பொருளின் வரி விகிதத்தைச் செப்டம்பரிலேயே 5 என்று மாற்றியிருப்பார்கள். நவம்பரில் கிரெடிட் நோட் திறந்து பொருளைத் தேர்ந்தெடுத்தால் அது கேட்காமலேயே 5-ஐக் கொண்டுவந்து போடக்கூடும். அப்போது நோட்டின் தொகை 17,955 ஆகிவிடும். 1,197 ரூபாய் குறைகிறது. அந்த 1,197-ஐ மதுரைக்காரர் இன்புட்டாக ஏற்கெனவே எடுத்திருப்பதால் கைக்காசில் அவருக்கு உடனே அடி விழாது. ஆனால் தன்னிடம் இல்லாத சரக்குக்கு இன்புட் வைத்திருக்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாவார். வாங்கியவர் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் என்றால் இன்புட் என்பதே கிடையாது. அவருக்கு அது நேரடி நட்டம்.

டிஸ்கவுண்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். விலைப்பட்டியலில் 1,200 என்று இருக்கும். அவசரத்தில் அதையே போட்டு 15 சட்டைக்கு 18,000, வரி 2,160, மொத்தம் 20,160 என்று எழுதிவிடுவது நடக்கும். பில்லில் வாங்காத 1,008 ரூபாயைத் திருப்பிக் கொடுத்ததாக ஆகிவிடும். அதில் அரசின் வரியும் அடக்கம்.

ஒரே பார்சலில் ஆகஸ்ட் பில் சட்டையும் அக்டோபர் பில் சட்டையும் கலந்து வந்திருந்தால்? 2019 பிப்ரவரி முதல் பல பில்களுக்குச் சேர்த்து ஒரே கிரெடிட் நோட் எழுதலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் இந்த ஆண்டு சரக்குக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 12 சதவீதப் பில்லுக்கு ஒரு நோட்டு, 5 சதவீதப் பில்லுக்கு ஒரு நோட்டு என்று பிரித்துவிட்டால் யாருக்கும் குழப்பமில்லை. எந்தச் சட்டை எந்தப் பில்லில் போனது என்று தெரிய வேண்டுமே என்பீர்கள். அதற்குத்தான் திருப்பி அனுப்புகிறவர் சலானில் பழைய பில் எண்ணைக் குறிக்க வேண்டும். 'ரிட்டர்ன் 15 பீஸ்' என்று மட்டும் எழுதி அனுப்பும் சலான் பாதி வேலையைத்தான் செய்கிறது.

அடுத்து, நோட்டை எழுத வேண்டியது யார் என்பது. கடைத்தெருவில் காலங்காலமாக நடப்பது, சரக்கைத் திருப்புகிறவர் தன் லெட்டர் பேடில் டெபிட் நோட் எழுதி, பார்சலோடு வைத்து அனுப்புவது. அதில் தவறில்லை. "இவ்வளவு தொகையை உங்கள் கணக்கில் பற்று வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் கடிதம் அது. ஆனால் அதை வைத்து விற்றவர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது. ஜி.எஸ்.டி. சட்டம் சொல்லும் கிரெடிட் நோட்டும் டெபிட் நோட்டும் இரண்டுமே விற்றவர் எழுதுபவை. பில்லில் குறைவாகப் போட்டுவிட்டதைக் கூட்டுவதற்குத்தான் அங்கே டெபிட் நோட். ஆகவே மதுரைக்காரர் அனுப்பிய தாள் ஈரோட்டில் ஃபைலில் போய்ச் சேர்ந்து, கிரெடிட் நோட் எழுதப்படாமலே போனால், மதுரைக் கணக்கில் பாக்கி 8,528. ஈரோட்டுக் கணக்கில் 27,680. பாதிப் பிணக்குகள் இப்படித்தான் பிறக்கின்றன.

கிரெடிட் நோட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்று விதி 53 சொல்கிறது. இருவரின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண், கிரெடிட் நோட் என்ற தலைப்பு, தேதி, பழைய பில்லின் எண்ணும் தேதியும், சரக்கின் மதிப்பு, வரி விகிதம், வரித்தொகை, கையொப்பம். நோட்டுக்கு அந்த நிதியாண்டில் வேறெதற்கும் வராத தொடர் எண் வேண்டும். அது 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. CN/25-26/0031 என்பது போல ஒரு வரிசை வைத்துக்கொள்வது வழக்கம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்கள் பில்லைப் போலவே கிரெடிட் நோட்டையும் இ-இன்வாய்ஸ் தளத்தில் பதிந்து கியூ.ஆர். குறியீடு வாங்க வேண்டும். பில்லுக்கு வாங்கிவிட்டு நோட்டுக்கு மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

இனி லெட்ஜர். ஈரோட்டில் பதிவு இப்படி விழும்: விற்பனைத் திருப்பம் பற்று 17,100, மத்திய வரி பற்று 1,026, மாநில வரி பற்று 1,026, மதுரைக் கடை வரவு 19,152. மதுரையில் அதற்கு நேர்மாறு: ஈரோட்டுக்காரர் பற்று 19,152, கொள்முதல் திருப்பம் வரவு 17,100, இன்புட் வரிகள் இரண்டும் வரவு 1,026 வீதம். வரியைத் தனியாகப் பிரிக்காமல் 19,152 முழுவதையும் விற்பனைத் திருப்பத்தில் போட்டுவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. லெட்ஜர் பாக்கி சரியாகவே காட்டும், அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ரிட்டர்ன் போடும் நாளில்தான் 2,052 ரூபாய் வரி கூடுதலாக நிற்பது தெரியும்.

டேலி பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சிறு விஷயம். டேலிபிரைமில் கிரெடிட் நோட் திறக்க Alt+F6. கடைசியில் எந்தப் பில்லுக்கு எதிராக என்று கேட்கும். அங்கே Agst Ref கொடுத்து ஆகஸ்ட் 25-ஆம் தேதிப் பில்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். On Account என்று விட்டுவிட்டால் மொத்தப் பாக்கி குறையும். ஆனால் அந்தப் பில் மட்டும் 27,680 என்றே நிலுவைப் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்து, புதிதாக வேலைக்கு வந்த பையன் பட்டியலைப் பார்த்து மதுரைக்குப் போன் போட்டு, "சார், ஆகஸ்ட் பில் 27,680 பாக்கி இருக்குங்க" என்பான். அந்தப் பக்கம் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சரியாகப் பதிந்தால் ஆகஸ்ட் பில்லில் இப்போது பாக்கி 27,680-இலிருந்து 19,152 போக 8,528. மதுரைக்காரர் 8,528 அனுப்பினால் பில் தீர்ந்தது.

பில்லுக்கு முழுப் பணமும் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் கதை கொஞ்சம் மாறும். அப்போது மதுரைக் கணக்கில் 19,152 ரூபாய் வரவு இருப்பாக நிற்கும். அதாவது ஈரோட்டுக்காரர் கொடுக்க வேண்டிய பணம். வங்கி வழியாகத் திருப்பி அனுப்பலாம். அல்லது அடுத்த பில்லுக்கான பணத்தில் கழித்துக்கொள்ளலாம். இந்த இரண்டாவது ஏற்பாட்டையும் நம் போன் உரையாடலில் வந்த ஏற்பாட்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. கழிப்பது அடுத்த பில்லில் அல்ல, அடுத்த பில்லுக்குத் தர வேண்டிய பணத்தில். 60 சட்டை போனால் 60-க்கும் 5 சதவீத வரியோடு முழு பில் போட வேண்டும். 60 சட்டை, 1,140 வீதம் 68,400, வரி 3,420, மொத்தம் 71,820. அதற்கு மதுரைக்காரர் 52,668 அனுப்பினால் போதும், மீதி கிரெடிட் நோட்டில் சரியாகிவிடும்.

இப்படி வரவு இருப்பாக நிற்கும் தொகைகளை மார்ச் மாதத்தில் தனியாக எடுத்துப் பார்ப்பது நல்லது. மொத்தப் பாக்கி எவ்வளவு என்று கணினியைக் கேட்டால் அது கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகச் சொல்லும். வர வேண்டியது குறைவாகத் தெரியும், கொடுக்க வேண்டியது தெரியவே தெரியாது.

வருடத்துக்கு ஒரு முறையாவது இரு தரப்பும் லெட்ஜரை அனுப்பி ஒத்துப்பார்ப்பார்கள். அப்போது வரும் வித்தியாசத் தொகையே பல நேரம் தவறைக் காட்டிக்கொடுத்துவிடும். நம் உதாரணத்தில் 19,152 வித்தியாசம் வந்தால் ஒருவர் நோட்டைப் பதியவே இல்லை. 38,304 என்றால், அதாவது சரியாக இரண்டு மடங்கு, பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருக்கிறார் அல்லது வரவில் போட வேண்டியதைப் பற்றில். 2,052 என்றால் வரியை விட்டுவிட்டு 17,100-ஐ மட்டும் பதிந்திருக்கிறார். 1,197 வரி விகிதக் கோளாறு; 1,008 டிஸ்கவுண்டை மறந்தது. அனுபவமுள்ள கணக்குப்பிள்ளை வித்தியாசத்தைப் பார்த்தவுடன் பக்கங்களைப் புரட்ட மாட்டார். முதலில் அந்த எண்ணை இரண்டால் வகுத்துப் பார்ப்பார், பிறகு வரி விகிதத்தோடு ஒட்டிப் பார்ப்பார்.

குடோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்த சட்டை இருப்பில் ஏறும்போது விற்ற விலையில் ஏறக் கூடாது, அடக்க விலையில்தான். காலர் தையல் பிசகிய சட்டையை நல்ல சரக்கோடு சேர்க்காமல் செகண்ட்ஸ் கணக்கில் வைக்க வேண்டும். அடக்கம் 900, செகண்ட்ஸாக விற்றால் 600 தான் கிடைக்கும் என்றால் 600-தான் அதன் இருப்பு மதிப்பு. 15 சட்டைக்கு 4,500 ரூபாய் நட்டம். அந்த நட்டத்துக்கும் கிரெடிட் நோட்டுக்கும் தொடர்பில்லை. நோட்டு வாடிக்கையாளருக்கு, இந்த நட்டம் வியாபாரியின் சொந்தம். விற்கவே லாயக்கில்லை என்று அழித்துவிட்டால் அந்தச் சட்டைகளுக்கு அவர் எடுத்திருந்த இன்புட்டையும் திருப்ப வேண்டும்.

வரி எப்போது குறையும் என்பதற்கு வருவோம். ஆகஸ்ட் மாத ரிட்டர்னைத் திறந்து திருத்துவது கிடையாது. நோட்டு எழுதிய மாதம் நவம்பர்; ஆகவே நவம்பர் மாத GSTR-1-ல், டிசம்பர் 11-க்குள், கிரெடிட் நோட்டாகக் காட்ட வேண்டும். நவம்பரில் விற்ற சரக்குக்குக் கட்ட வேண்டிய வரியில் அந்த 2,052 கழியும். டிசம்பர் 14-ல் உருவாகும் மதுரைக்காரரின் GSTR-2B-யில் அது கழித்தலாக வந்து நிற்கும். டிசம்பர் 20-க்குள் அவர் போடும் GSTR-3B-யில் அவரது இன்புட் அவ்வளவு குறையும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் சிறு வியாபாரிகளுக்கு மட்டும் இந்தத் தேதிகள் தள்ளிப்போகும்.

முன்பெல்லாம் விற்றவர் காட்டினால் காட்டியதுதான். இப்போது அப்படி இல்லை. 2024 அக்டோபரில் ஜி.எஸ்.டி. தளத்தில் ஐ.எம்.எஸ். என்ற வசதி வந்தது. தன் பெயரில் வரும் பில்லையும் நோட்டையும் வாங்கியவர் அங்கே ஏற்கலாம், நிராகரிக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். நம் 15 சட்டை நோட்டை மதுரைக் கடையின் கணக்காளர் "இது என்னவென்று தெரியவில்லையே" என்று நிராகரித்துவிட்டார் என்றால், அந்த 2,052 ரூபாய் ஈரோட்டுக்காரரின் அடுத்த GSTR-3B-யில் வரியாக ஏறிவிடும். குறைத்துக்கொண்ட வரி திரும்பி வந்து நிற்கும்.

இதற்குச் சட்டத்தின் பலமும் சேர்ந்துவிட்டது. 2025 நிதிச் சட்டம் 34-ஆவது பிரிவில் செய்த திருத்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்தது. வாங்கியவர் பதிவு பெற்ற வியாபாரி என்றால், அவர் எடுத்த இன்புட்டைத் திருப்பினால்தான் விற்றவர் தன் வரியைக் குறைக்கலாம் என்று அது சொல்கிறது. ஆக ஒருவர் கணக்கு இன்னொருவர் கையில். சரக்கைத் திருப்பிய கையோடு "நோட்டு எண் இது, இந்த மாதம் வரும், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுவது இப்போது வியாபாரத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. வாங்கியவர் அந்தச் சரக்குக்கு இன்புட் எடுக்கவே இல்லை என்றால் திருப்ப அவரிடம் எதுவும் இல்லை. அதையும் குறிப்பிட 2025 அக்டோபர் மாதக் கணக்கிலிருந்து ஐ.எம்.எஸ்.ஸில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நோட்டைப் பார்த்து முடிவெடுக்க அவகாசம் வேண்டும் என்றால் ஒரு மாதத்துக்கு நிறுத்தியும் வைக்கலாம்.

காலக்கெடு ஒன்று உண்டு. 2025-26 நிதியாண்டில் விற்ற சரக்குக்கான கிரெடிட் நோட்டை 2026 நவம்பர் 30-க்குள், அல்லது அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்னைப் போடும் நாளுக்குள், எது முந்துகிறதோ அதற்குள் ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது என்று நவம்பர் 25-ல் நோட்டு எழுதினால் ஏமாந்துபோவோம். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவருக்கு நவம்பர் நோட்டு டிசம்பரில் போடும் ரிட்டர்னில்தான் ஏறும். ஆகவே நடைமுறையில் அக்டோபருக்குள் எழுதி, நவம்பரில் போடும் ரிட்டர்னில் காட்டிவிட வேண்டும். வருடாந்திர ரிட்டர்னைச் சுறுசுறுப்பாக செப்டம்பரிலேயே போட்டு முடித்தவர் அன்றே கதவைச் சாத்திக்கொண்டார்.

கெடு தாண்டிய பின் சரக்கு திரும்பி வந்தால் வாங்க மறுக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபரில் வரித்துறை, காலாவதியான மருந்துகள் மருந்துக் கடையிலிருந்து மொத்த வியாபாரிக்கும் கம்பெனிக்கும் திரும்பிப் போவதைப் பற்றி 72-ஆம் எண் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. மற்றச் சரக்குகளுக்கும் அது பொருந்தும் என்று அதிலேயே இருக்கிறது. அதன்படி இரண்டு வழிகள். விற்றவர் கிரெடிட் நோட் எழுதலாம். கெடு முடிந்திருந்தால் அதை வைத்து வரியைக் குறைக்க முடியாது, பாக்கி மட்டும்தான் சரியாகும். அல்லது பதிவு பெற்ற வாங்கியவர் தானே பில் போட்டு, அந்தச் சரக்கைப் புது விற்பனையாகத் திருப்பி விற்கலாம். விற்றவர் அந்தப் பில்லுக்கு இன்புட் எடுத்துக்கொள்வார். இந்த இரண்டாவது வழியில் அது புது விற்பனை என்பதால் வரி விகிதமும் அன்றைய விகிதம்தான். நம் சட்டைக்கு 12 அல்ல, 5.

கடைசியாக, பில் வாங்கிக்கொண்டு சட்டையோடு வீட்டுக்குப் போன சாதாரண வாடிக்கையாளர். அவருக்கு ஜி.எஸ்.டி. எண் கிடையாது, இன்புட்டும் கிடையாது. அவர் விஷயத்தில் சட்டம் கேட்பது வேறு: வரிச்சுமை அவரிடமே தங்கிவிடக் கூடாது. செப்டம்பர் 15-ல் ஒருவர் 1,500 ரூபாய் சட்டையை 12 சதவீத வரி 180 சேர்த்து 1,680-க்கு வாங்கினார். சைஸ் சரியில்லை என்று 25-ஆம் தேதி வந்து, அதே விலைச் சட்டையை வேறு சைஸில் கேட்கிறார். அன்றைக்கு அதன் விலை வரியோடு 1,575. பழைய பில்லுக்கு 1,680-க்கு நோட்டு, புதுச் சட்டைக்கு 1,575-க்கு பில், வாடிக்கையாளர் கையில் 105 ரூபாய். "சட்டைக்குச் சட்டை சரியாப் போச்சு சார்" என்று கடைக்காரர் அனுப்பிவைத்துவிட்டு, கணக்கில் மட்டும் 180 ரூபாய் வரியைக் குறைத்துக்கொண்டால், அந்த 105 அவர் பையில் தங்கிவிட்டது. வரியைக் குறைக்கும் உரிமையும் அவருக்கு இல்லை.

இப்படிப்பட்ட சில்லறை நோட்டுகளை GSTR-1-ல் ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். அந்த மாத சில்லறை விற்பனையில் வரி விகிதவாரியாகக் கழித்துக் காட்டினால் போதும். சைஸ் மாற்ற அவர் அக்டோபரில் வந்திருந்தால், அந்த மாதம் கடையில் 12 சதவீத விற்பனை எதுவும் நடந்திருக்காது. அந்த வரிசையில் −1,500 என்று நிற்கும். தளம் அதை ஏற்றுக்கொள்ளும். கழித்தல் குறியைப் பார்த்துப் பயந்து அதை 5 சதவீத வரிசையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை.